கூட்டுச் சுவர் கணக்கு: மூன்று பேருக்கு மூன்று விடை வந்தால் யார் சரி?

*வெப்பப் பரிமாற்ற அசைன்மென்ட்டில் ஒரு கூட்டுச் சுவர் கணக்கு. அகலம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர். உள்பக்கம் 12 மி.மீ. ஜிப்சம் போர்டு (k = 0.16). நடுவில் 100 மி.மீ. கிளாஸ் வூல் (k = 0.04), அதன் ஊடே 60 செ.மீ.க்கு ஒன்றாக 5 செ.மீ. அகல மரச்சட்டம் (k = 0.12). வெளிப்பக்கம் 100 மி.மீ. செங்கல் (k = 0.8). உள்ளே 22 °C, h = 8. வெளியே 2 °C, h = 25. எனக்கு 364 வாட் வருகிறது, அறை நண்பனுக்கு 144, வகுப்புத் தோழிக்கு 140. மூவரும் வெப்பத் தடை முறையில்தான் போட்டோம். யார் சரி?*

நண்பனும் சரி, தோழியும் சரி. உங்கள் 364 மட்டும் தவறு. ஆனால் அவர்கள் இருவருக்கும் ஏன் ஒரே விடை வரவில்லை என்பதுதான் இந்தக் கணக்கில் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டிய இடம். அதற்குப் போவதற்கு முன் 364 எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். நான் இந்தப் பாடத்துக்குச் சில வருடங்கள் அசைன்மென்ட் திருத்தியிருக்கிறேன். அதே தவறு ஒவ்வொரு வருடமும் வரும்.

வெப்பத் தடை என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு அளவுகள் நடமாடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று, குறிப்பிட்ட பரப்புள்ள ஓர் அடுக்கின் தடை. ஒரு வாட் வெப்பம் அதன் வழியே போக எத்தனை டிகிரி வேறுபாடு தேவை என்பதை அது சொல்லும். அலகு K/W. இன்னொன்று, ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்ட தடை. அதில் பரப்பே வராது, அலகு m²·K/W. இன்சுலேஷன் விற்பவர்கள் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். கீழே L என்பது தடிப்பு, A பரப்பு, k பொருளின் வெப்பக் கடத்துத்திறன், h மேற்பரப்புக்கும் காற்றுக்கும் இடையே வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு.

```
அடுக்கின் தடை            R  = L / (k·A)      K/W
மேற்பரப்பின் தடை          R  = 1 / (h·A)      K/W
சதுர மீட்டருக்கான தடை     R" = L / k          m²·K/W
```

வெறும் அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் சுவரில் எதை எடுத்துக்கொண்டாலும் கெடுதல் இல்லை. எல்லா அடுக்குக்கும் பரப்பு ஒன்றே என்பதால், L/k எல்லாவற்றையும் கூட்டிவிட்டுக் கடைசியில் பரப்பால் வகுத்தாலும் அதே விடைதான். முதல் இரண்டு, மூன்று கணக்குகள் எல்லாம் அப்படிப்பட்ட சுவர்கள் என்பதால், பரப்பை மறந்துவிடும் பழக்கம் அப்போதே கைக்கு வந்துவிடும். மரச்சட்டமும் கிளாஸ் வூலும் பக்கம் பக்கமாக நிற்கும் அடுக்கு வந்ததும் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும்.

நீங்கள் செய்தது இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மரத்துக்கு 0.1/0.12 = 0.833. கிளாஸ் வூலுக்கு 0.1/0.04 = 2.5. இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் 1/R" = 1/0.833 + 1/2.5 என்று போட்டு 0.625 எடுத்திருப்பீர்கள். மற்ற அடுக்குகளின் 0.365-ஐக் கூட்டினால் 0.99. இருபது டிகிரியை அதனால் வகுத்து, 18 சதுர மீட்டரால் பெருக்கினால் சரியாக 364 வாட் வருகிறது.

இந்த 0.625 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். முழுக்க மரத்தாலான ஓர் அடுக்கின் தடையே சதுர மீட்டருக்கு 0.833. அந்த மரத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, அதைவிட மூன்று மடங்கு நன்றாக வெப்பத்தைத் தடுக்கும் கிளாஸ் வூலை வைத்திருக்கிறோம். தடை கூட வேண்டும். உங்கள் கணக்கில் அது குறைந்துவிட்டது. பக்க இணைப்பில் மொத்தத் தடை இரண்டையும்விடக் குறைவாகத்தானே இருக்கும் என்று பள்ளியில் படித்தது இங்கே உங்களைத் தைரியப்படுத்தியிருக்கும். அந்த விதி K/W-இல் உள்ள தடைக்கு மட்டுமே. சதுர மீட்டருக்கான தடை எப்போதும் இரண்டு பொருள்களின் மதிப்புகளுக்கு நடுவில்தான் விழும். இங்கே அது 0.833-க்கும் 2.5-க்கும் இடையில் இருந்தாக வேண்டும்.

0.625 என்பதற்கு ஒரு பொருள் உண்டு, அது உங்கள் சுவருக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். ஒவ்வொரு சதுர மீட்டருக்குள்ளும் ஒரு சதுர மீட்டர் மரத்தையும் ஒரு சதுர மீட்டர் கிளாஸ் வூலையும் திணித்துவிட்டீர்கள். அதாவது 18 சதுர மீட்டர் சுவருக்குள் 36 சதுர மீட்டர் நடு அடுக்கு.

கணக்கு முடிந்தபின் செய்ய ஒரு எளிய சோதனை இருக்கிறது. நடு அடுக்கு முழுக்க மரமாக இருந்தால் மொத்தத் தடை 0.365 + 0.833 = 1.198, வெப்ப இழப்பு சுமார் 300 வாட். முழுக்க கிளாஸ் வூலாக இருந்தால் 2.865, இழப்பு சுமார் 126 வாட். சரியான விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். மரம் வெறும் பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்பதால் 126-க்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 364 அந்த எல்லைக்கே வெளியே நிற்கிறது. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்திருந்தால் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

சரி, இனி ஒழுங்காகப் போடலாம். சுவர் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அமைப்பு 60 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே 0.6 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குள் 5 செ.மீ. மரமும் 55 செ.மீ. கிளாஸ் வூலும் இருக்கும். முழுச் சுவரில் இப்படி 30 துண்டுகள். இரு மரச்சட்டங்களுக்கு நடுவில் உள்ள கோட்டின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இருப்பதால், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு வெப்பம் கடப்பதில்லை. துண்டைத் தனியாக வெட்டி எடுக்க நமக்கு உரிமை தருவது அதுதான்.

```
உள் காற்று       1/(8 × 0.6)            = 0.208 K/W
ஜிப்சம் போர்டு    0.012/(0.16 × 0.6)     = 0.125
மரம்             0.1/(0.12 × 0.05)      = 16.67
கிளாஸ் வூல்      0.1/(0.04 × 0.55)      = 4.545
செங்கல்          0.1/(0.8 × 0.6)        = 0.208
வெளிக் காற்று    1/(25 × 0.6)           = 0.067
```

மரத்தின் தடை 16.67 என்று பெரிதாகவும் கிளாஸ் வூலின் தடை 4.545 என்று சிறிதாகவும் இருப்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். நல்ல இன்சுலேஷன் கிளாஸ் வூல்தானே? ஆமாம். ஆனால் மரத்துக்குக் கிடைத்த அகலம் 5 செ.மீ.தான். குறுகலான வழி என்பதால் அதன் தடை கூடிவிட்டது. K/W என்ற அளவில் பொருளும் பரப்பும் சேர்ந்தே பேசுகின்றன.

பக்க இணைப்பில் தடைகளின் தலைகீழ்களைக் கூட்ட வேண்டும். மரத்துக்கு 0.06, கிளாஸ் வூலுக்கு 0.22, கூட்டினால் 0.28. அதன் தலைகீழ் 3.571 K/W. 0.6 சதுர மீட்டரால் பெருக்கிப் பார்த்தால் 2.14. மேலே சொன்னபடி அது 0.833-க்கும் 2.5-க்கும் நடுவில் அழகாக உட்காருகிறது.

```
R = 0.208 + 0.125 + 3.571 + 0.208 + 0.067 = 4.18 K/W
Q = (22 − 2)/4.18 = 4.785 W      (ஒரு துண்டுக்கு)
30 × 4.785 = 143.6 W             (முழுச் சுவருக்கு)
```

இது உங்கள் நண்பரின் விடை. டிகிரியைக் கெல்வினாக மாற்ற வேண்டுமா என்று சிலர் தயங்குவார்கள். இங்கே வேறுபாடு மட்டுமே வருவதால் 20 டிகிரி செல்சியஸும் 20 கெல்வினும் ஒன்றே. கதிர்வீச்சுக் கணக்கில் வெப்பநிலையின் நான்காம் படி வரும்போதுதான் மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்து ஒவ்வொரு எல்லையிலும் வெப்பநிலை என்ன என்று இறங்கிப் பாருங்கள். கேள்வியில் கேட்காவிட்டாலும் இதைச் செய்வது நல்லது, விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. 4.785 வாட்டை ஒவ்வொரு தடையாலும் பெருக்கிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். உள் காற்று 22. போர்டின் உள்முகம் 21.0. போர்டின் பின்முகம் 20.4. நடு அடுக்கைத் தாண்டியதும் ஒரேயடியாக 3.3. செங்கலின் வெளிமுகம் 2.3. கடைசியில் வெளிக் காற்றுக்கு 2.0 வந்து சேர்ந்தால் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

இருபது டிகிரியில் பதினேழு டிகிரி நடு அடுக்கிலேயே விழுகிறது. மொத்தத் தடையில் 85 சதவீதம் அங்கே இருப்பதால் அப்படி. இதை வைத்து எந்த எண்ணுக்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். வெளியே காற்று பலமாக அடித்து h மதிப்பு 25 என்பதிலிருந்து 50 ஆனாலும், மொத்தத் தடை 4.18-இலிருந்து 4.15-க்கு மட்டுமே குறையும். இழப்பு ஒரு சதவீதம்கூட ஏறாது. h மதிப்புகள் எப்போதுமே தோராயமானவை என்பதால் இது நமக்கு நிம்மதி. கிளாஸ் வூலின் k மதிப்பு பிசகினால் அந்த நிம்மதி கிடையாது. அது ஈரமானாலோ, அழுந்தித் தட்டையானாலோ, கணக்கில் போட்ட 0.04-உம் 100 மி.மீ.-உம் உண்மையாக இருக்காது.

நடு அடுக்கின் 17.09 டிகிரியை மரத்தின் தடையால் வகுத்தால் 1.03 வாட், கிளாஸ் வூலின் தடையால் வகுத்தால் 3.76 வாட். சுவரில் 8 சதவீதம்தான் மரம், ஆனால் வெப்பத்தில் 21 சதவீதம் அதன் வழியே போகிறது. கட்டடத் துறையில் இதை வெப்பப் பாலம் என்பார்கள். மரமே இல்லாத சுவரில் 126 வாட்டாக இருந்த இழப்பு 144 ஆனதற்கு இந்தப் பாலம்தான் காரணம்.

இனி தோழியின் 140.

அவர் படத்தை வேறு மாதிரி வரைந்திருக்கிறார். நண்பர் போர்டை ஒரே தடையாக வைத்து, நடு அடுக்கில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, செங்கலில் மறுபடி ஒன்று சேர்ந்தார். தோழி உள் காற்றிலிருந்து வெளிக் காற்று வரைக்கும் சுவரை இரண்டு தனித்தனிக் கீற்றுகளாக வெட்டிவிட்டார். மரம் இருக்கும் 5 செ.மீ. கீற்றுக்கு அதற்கே உரிய போர்டு, செங்கல், காற்று. மீதி 55 செ.மீ. கீற்றுக்கு அதற்கே உரியவை. ஒவ்வொன்றும் முழு நீளத் தொடர் இணைப்பு, இரண்டும் சேர்ந்து ஒரு பக்க இணைப்பு.

```
மரக் கீற்று          (0.365 + 0.833)/0.05 = 23.97 K/W
கிளாஸ் வூல் கீற்று    (0.365 + 2.5)/0.55   = 5.209 K/W
1/R = 0.0417 + 0.1920 = 0.2337    R = 4.279 K/W
Q = 20/4.279 = 4.674 W    30 × 4.674 = 140.2 W
```

எண்கள் ஒன்றே, பொருள்கள் ஒன்றே, இரண்டிலும் கூட்டல் பிழை இல்லை. பிறகு ஏன் இரண்டு விடை? இருவரும் சொல்லாமல் செய்துகொண்ட ஓர் அனுமானத்தில்தான் வேறுபாடு இருக்கிறது.

நண்பரின் படத்தில், போர்டின் பின்முகத்தில் ஒரே ஒரு புள்ளி இருக்கிறது. அங்கிருந்து மரத்துக்கும் கிளாஸ் வூலுக்கும் வழி பிரிகிறது. ஒரே புள்ளி என்றால் ஒரே வெப்பநிலை. அதாவது போர்டின் பின்முகம் முழுவதும் 20.4 டிகிரிதான், மரத்துக்கு எதிரேயும் அதே, கிளாஸ் வூலுக்கு எதிரேயும் அதே என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் மரத்துக்குள் சதுர மீட்டருக்கு 20.5 வாட் போகிறது, கிளாஸ் வூலுக்குள் 6.8 வாட்தான். மரம் இப்படி மூன்று மடங்கு உறிஞ்சும்போது அதன் முன்னே உள்ள போர்டு கொஞ்சமாவது குளிர வேண்டும். குளிரவில்லை என்றால், பக்கவாட்டில் வெப்பம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடிவந்து அந்தக் குறையை நிரப்புகிறது என்று பொருள். இதைச் சமவெப்பத் தளம் என்ற அனுமானம் என்பார்கள்.

தோழியின் படம் இதற்கு நேர் எதிர். கீற்றுகளுக்கு இடையே எந்த இணைப்பும் இல்லை. மரக் கீற்றில் போர்டின் உள்முகம் 19.9 டிகிரி, பக்கத்துக் கீற்றில் 21.1 டிகிரி. ஒரே போர்டில் ஒட்டி இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே ஒன்றேகால் டிகிரி வித்தியாசம் இருந்தும், ஒரு துளி வெப்பம்கூடப் பக்கவாட்டில் நகரவில்லை என்கிறார். கீற்றுகளுக்கு நடுவே வெப்பம் கடக்காத ஒரு சுவர் நிற்பதாக அனுமானம்.

பக்கவாட்டில் தடையே இல்லை என்பதும் உண்மை இல்லை, பக்கவாட்டில் வழியே இல்லை என்பதும் உண்மை இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், உண்மையான விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடிவதுதான். போர்டுக்குப் பின்னால் தடிப்பே இல்லாத, ஆனால் வெப்பத்தை அற்புதமாகக் கடத்தும் ஒரு தகட்டைச் செருகுவதாகக் கற்பனை செய்யுங்கள். வெப்பத்துக்குப் புதிய வழிகள் கிடைக்கும், பழைய வழி எதுவும் அடைபடாது. ஆகவே இழப்பு கூடலாம், குறையாது. எல்லா எல்லைகளிலும் அப்படித் தகடு செருகிய சுவர்தான் நண்பருடையது. மாறாக, கீற்றுகளுக்கு நடுவே வெப்பத்தை அறவே விடாத ஒரு தாளைச் செருகினால் சில வழிகள் அடைபடும், புதிதாக எதுவும் திறக்காது. இழப்பு குறையலாம், கூடாது. அது தோழியின் சுவர். எந்தச் செருகலும் இல்லாத உங்கள் சுவர் 140.2-க்குக் கீழே போகவும் முடியாது, 143.6-க்கு மேலே போகவும் முடியாது.

இரண்டுக்கும் இடைவெளி இரண்டரை சதவீதம். h மதிப்புகளிலும் k மதிப்புகளிலும் இருக்கும் ஐயத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. எதை எழுதினாலும் பொறியியல் அளவில் சரிதான்.

இந்த இரண்டில் எந்தப் பக்கம் உண்மை சாயும் என்றும் ஓரளவு ஊகிக்கலாம். போர்டு 12 மி.மீ. தடிப்புதான், கடத்துவதும் குறைவு. பக்கவாட்டில் வெப்பத்தைக் கொண்டுவர அதனால் அதிகம் முடியாது. உள்பக்கம் தோழியின் படத்துக்கு நெருக்கம் என்று சொல்லலாம். செங்கல் 100 மி.மீ. தடிப்பு, போர்டைப் போல ஐந்து மடங்கு கடத்தும். வெளிப்பக்கம் நண்பரின் படத்துக்கு நெருக்கம். செங்கலின் உள்முகத்தை மட்டும் சமவெப்பத் தளமாக வைத்து, அதற்கு முன்னால் இருப்பவற்றைக் கீற்றுகளாக வெட்டிப் போட்டால் 141.4 வாட் வருகிறது. இந்தக் கலப்பு விடைக்கு மேலெல்லை, கீழெல்லை என்ற உத்தரவாதம் கிடையாது. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை தரும் எண் அதுதான்.

மரத்துக்கு எதிரே போர்டு உண்மையிலேயே கொஞ்சம் குளிர்ந்திருக்கும் என்பதைக் கண்ணாலும் பார்க்கலாம். குளிர்ப் பகுதிகளில் இப்படிக் கட்டிய பழைய வீடுகளின் உட்சுவரில், சட்டங்கள் இருக்கும் இடங்களில் மங்கலான கறுப்புக் கோடுகள் தெரியும். குளிர்ந்த பரப்பில் தூசி அதிகமாகப் படிவதால் வருபவை அவை. நண்பரின் அனுமானம் முழு உண்மையாக இருந்தால் அந்தக் கோடுகள் வர வழியே இல்லை.

இடைவெளி எப்போதும் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே சுவரில் மரச்சட்டத்தை எடுத்துவிட்டு, 1.5 மி.மீ. எஃகுத் தகட்டை நிறுத்துவோம். எஃகுக்கு k = 50 என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான எஃகுச் சட்டத்துக்கு இரு பக்கமும் மடிப்பு இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

நண்பரின் முறைப்படி, தகட்டின் தடை 0.1/(50 × 0.0015) = 1.333 K/W. மீதி 59.85 செ.மீ. கிளாஸ் வூலின் தடை 4.177. பக்க இணைப்பில் 1.011. மற்றவற்றோடு சேர்த்து மொத்தம் 1.619, முழுச் சுவருக்கு 371 வாட். தோழியின் முறைப்படி, எஃகுக் கீற்றின் தடை (0.365 + 0.002)/0.0015, அதாவது 245 K/W. அதன் வழியே ஏறக்குறைய எதுவும் போகாது. கிளாஸ் வூல் கீற்றின் தடை 4.787. இரண்டும் சேர்ந்து முழுச் சுவருக்கு 128 வாட்.

371, 128. ஒன்று மற்றதைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சட்டமே இல்லாத சுவருக்கு 126 வாட் என்று மேலே பார்த்தோம். எஃகு இருப்பதே தோழியின் முறைக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கீற்றில் எஃகுக்கு வெப்பத்தைக் கொண்டுவர ஒன்றரை மில்லிமீட்டர் அகலப் போர்டு மட்டுமே உண்டு. எஃகு எவ்வளவு கடத்தினாலும் அந்த ஊசி வழியாக வருவதைத்தான் கடத்த முடியும். நண்பரின் முறையோ, 60 செ.மீ. அகலப் போர்டு முழுவதும் சேகரித்த வெப்பம் எந்தச் சிரமமும் இல்லாமல் அந்த மெல்லிய தகட்டுக்குள் பாய்கிறது என்கிறது. இரண்டுமே நம்பத் தகுந்தவை அல்ல. உண்மை நடுவில் இருக்கும் என்ற உத்தரவாதம் இப்போதும் உண்டு, ஆனால் 128-க்கும் 371-க்கும் நடுவில் என்று சொல்வதால் யாருக்கு என்ன பயன்?

இங்கே ஒற்றைத் திசைத் தடைப் படம் தன் எல்லையை எட்டிவிட்டது. தகட்டை நோக்கி வெப்பம் எப்படி வளைந்து வந்து குவிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, இரு பரிமாணக் கடத்தல் சமன்பாட்டைக் கணினியில் எண்முறையில் தீர்க்க வேண்டும். கட்டடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6946 தரநிலையின் எளிய முறையும் நண்பர், தோழி இருவரின் படங்களைத்தான் பயன்படுத்துகிறது. மேல், கீழ் என்று இரண்டு தடைகளையும் கணக்கிட்டு அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இன்சுலேஷனை உலோகம் ஊடுருவும் சுவர்களுக்கும், இரண்டு தடைகளின் விகிதம் 1.5-ஐத் தாண்டும் இடங்களுக்கும் அந்த எளிய முறை செல்லாது என்றும் சொல்கிறது. உங்கள் மரச் சுவரில் அந்த விகிதம் 4.279/4.18, அதாவது 1.02. சராசரித் தடை 4.23, இழப்பு 142 வாட். எஃகுச் சுவரில் விகிதம் 2.9.

சரி, அசைன்மென்ட்டில் எதை எழுதுவது? முதலில் கேள்வியை மறுபடி படியுங்கள். அடுக்குகளின் எல்லைகள் சமவெப்பத் தளங்கள் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் 143.6. வெப்ப ஓட்டத்துக்கு இணையான எல்லைகளில் வெப்பம் கடக்காது என்று சொல்லியிருந்தால் 140.2. பெரும்பாலும் ஒற்றைத் திசைக் கடத்தல் என்று மட்டும் போட்டுவிட்டு விட்டிருப்பார்கள். அப்படியானால் நண்பரின் படத்தையே வரையுங்கள். வகுப்பில் வரையப்படுவதும் பெரும்பாலும் அதுதான், எல்லை வெப்பநிலைகளைக் கேட்டால் ஒவ்வோர் எல்லைக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பதும் அதுதான். பக்கத்தில் ஒரு வரி, போர்டின் பின்முகமும் செங்கலின் உள்முகமும் சீரான வெப்பநிலையில் இருப்பதாக எடுத்துக்கொண்டேன் என்று எழுதுங்கள். நேரம் இருந்தால் மற்ற முறையின் விடையையும் கொடுத்து, உண்மை இவற்றுக்கு நடுவில் என்று சேர்த்துவிடுங்கள். திருத்துபவராக இருந்தபோது அந்த ஒரு வரிக்காகவே நான் ஒரு மதிப்பெண் ஒதுக்கி வைத்திருப்பேன். பத்தில் எட்டுத் தாள்களில் அது செலவாகாமலே போகும்.

தடைப் படம் வரைவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. வெப்பநிலை நேரத்தோடு மாறக் கூடாது. காலையில் வெயில் ஏறும்போது செங்கல் சூடாவதைக் கணக்கிட இந்தப் படம் உதவாது, செங்கல் தனக்குள் சேமித்துக்கொள்ளும் வெப்பத்துக்கு இதில் இடமே இல்லை. இரண்டாவது, சுவருக்குள் வெப்பம் உற்பத்தியாகக் கூடாது. உள்ளே ஒரு ஹீட்டர் கம்பி ஓடினால், உள்ளே நுழையும் Q-உம் வெளியேறும் Q-உம் வேறாகிவிடும். ஒரே Q-ஐ எல்லாத் தடைகளாலும் பெருக்கிக்கொண்டு போவது அங்கே செல்லாது. அசைன்மென்ட்டின் கடைசிக் கேள்வியில் அப்படி ஒரு ஹீட்டரைச் செருகி வைப்பது ஆசிரியர்களுக்குப் பிடித்த விளையாட்டு. மெல்லிய தகடாக ஓர் எல்லையில் வைத்திருந்தால் தப்பிக்கலாம். அந்தப் புள்ளியில் வெளியிலிருந்து Q சேர்வதாக எடுத்துக்கொண்டு, இரு பக்கமும் தனித்தனியாகக் கணக்கிட்டால் போதும். அடுக்கு முழுவதும் பரவலாக உற்பத்தியானால் அந்த அடுக்குக்கு மட்டும் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கே திரும்ப வேண்டும்.

அடுக்குகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உள்ள தொடர்புத் தடையை நான் எங்குமே சேர்க்கவில்லை. உங்கள் சுவரில் அது பொருட்டே இல்லை, 4.18 K/W-க்கு முன்னால் காணாமல் போய்விடும். இரண்டு உலோகத் துண்டுகளை அழுத்தி வைத்த கணக்காக இருந்தால் நிலைமை தலைகீழ். அங்கே உலோகத்தின் தடை அற்பம், பெரும்பகுதி தடை அந்தத் தொடும் முகத்திலேயே இருக்கக்கூடும். கேள்வியில் அதற்கு ஒரு மதிப்பு கொடுத்திருந்தால் அது பெரும்பாலும் m²·K/W-இல்தான் இருக்கும். படத்தில் போடும் முன் பரப்பால் வகுக்க மறக்காதீர்கள். 364-ஐக் கொண்டுவந்த அதே குழி அங்கேயும் இருக்கிறது.